தட்டில் முளைப்பது தீவனமா, தண்ணீரா?



தேவதானப்பட்டியிலிருந்து ஒரு சகோதரி எழுதிய கடிதம் இந்த மாதம் எங்களை நிறைய யோசிக்க வைத்தது. வீட்டில் இரண்டு கலப்பின மாடுகள். சொந்த நிலம் கிடையாது. கணவர் மாந்தோப்பு வேலைக்குப் போகிறார். காலையும் மாலையும் பாலைக் கறந்து சொசைட்டியில் ஊற்றுவது இவர் பொறுப்பு. கோடை வந்தால் பச்சைப் புல்லுக்கு வழியில்லை. வைக்கோலும் தவிடும் புண்ணாக்கும்தான்.

இந்த நேரத்தில் ஒருவர் வந்து படம் காட்டியிருக்கிறார். ரேக், தட்டுகள், தண்ணீர் தெளிக்கும் குழாய், டைமர் எல்லாம் சேர்ந்த ஒரு செட். மண் வேண்டாம், நிலம் வேண்டாம். ஒரு கிலோ மக்காச்சோளம் போட்டால் எட்டே நாளில் எட்டு முதல் பத்து கிலோ பசுந்தீவனம். மகளிர் குழுவில் கடன் எடுத்தால் வாங்கிவிடலாம். "வாங்கட்டுமா, வேண்டாமா? நேராகச் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறார்.

நேராகவே சொல்கிறோம். கடன் வாங்கி அந்த செட்டை வாங்க வேண்டாம். ஆனால், தட்டில் முளைக்கும் தீவனமே ஏமாற்று வேலை என்றும் நினைத்துவிட வேண்டாம். அதற்கென்று ஒரு சின்ன இடம் இருக்கிறது. அந்த இடம் எது என்று தெரிந்துகொண்டால் பணமும் மிஞ்சும், மாடும் பிழைக்கும்.

முதலில் அந்த ஒரு கிலோ கணக்கைப் பார்ப்போம்.

கடையில் வாங்கும் ஒரு கிலோ மக்காச்சோளத்தில் சுமார் 120 கிராம் ஈரம் இருக்கும். மீதி 880 கிராம்தான் உலர் சத்து. மாட்டின் உடம்புக்கும் பாலுக்கும் போவதெல்லாம் இந்த 880 கிராமிலிருந்துதான். அதை ஊறவைத்து, முளைகட்டி, தட்டில் பரப்பி எட்டு நாள் வளர்த்தால், நல்ல விதையாக இருந்தால், ஐந்து முதல் ஆறு கிலோ தீவனம் கிடைக்கும். ஐந்தரை கிலோ என்றே வைத்துக்கொள்வோம். பார்க்க எவ்வளவு ஆசையாக இருக்கிறது!

ஆனால் அந்த ஐந்தரை கிலோவில் உலர் சத்து 13, 14 சதவீதம்தான். கணக்குப் போட்டால் 740 கிராம் சொச்சம் வருகிறது. மீதி நாலே முக்கால் கிலோவும் தண்ணீர். அதாவது, 880 கிராமை உள்ளே போட்டு 740 கிராமை வெளியே எடுத்திருக்கிறோம்.

மீதி 140 கிராம் எங்கே போயிற்று? விதைக்கும் உயிர் இருக்கிறது. முளைத்து வேர்விட்டு இலைவிட அதற்குச் சக்தி வேண்டும். அந்தச் சக்திக்காகத் தன்னிடம் உள்ள மாவுச்சத்தை அது எரித்துக்கொள்கிறது. இலை பச்சையாகி, வெயிலை வாங்கித் தானே மாவுச்சத்து செய்ய ஆரம்பிக்கும் நேரத்தில், நாம் அதை எடுத்து மாட்டுக்குப் போட்டுவிடுகிறோம். செலவு முடிந்து வரவு தொடங்கும் முன்பே கடையை மூடிவிடுகிறோம்.

சரி, புரதம் கூடுகிறது என்கிறார்களே? விளம்பரங்களில் இதைத்தான் பெரிதாகப் போடுகிறார்கள். மக்காச்சோளத்தில் 9 சதவீதமாக இருந்த புரதம், முளைத்தீவனத்தில் 11 முதல் 13 சதவீதம்வரை போகிறது என்பது உண்மைதான். ஆனால் சதவீதம் வேறு, கிராம் வேறு. ஒரு கிலோ விதையில் இருந்தது சுமார் 80 கிராம் புரதம். வெறும் தண்ணீரில் வளர்த்ததற்குப் புதிதாகப் புரதம் எங்கிருந்து வரும்? முடிவிலும் ஏறக்குறைய அதே 80 கிராம்தான். மாவுச்சத்து எரிந்து மொத்தம் குறைந்ததால், அதே 80 கிராம் பங்கில் பெரிதாகத் தெரிகிறது. அவ்வளவுதான்.

இதை நம்ப எங்கள் பேச்சு வேண்டியதில்லை. யாராவது முளைத்தீவனம் போடும் வீட்டில் ஒரு கிலோ கேட்டு வாங்குங்கள். வேரோடு பிய்த்து, துணியில் பரப்பி, மொறுமொறுவென்று ஆகும்வரை வெயிலில் காயவைத்து, மளிகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். 150 கிராம் பக்கம்தான் நிற்கும்.

அப்படியானால் இதைப் போட்டவர்களில் பலர் "பால் கூடிற்று" என்கிறார்களே, அவர்கள் பொய்யா சொல்கிறார்கள்? இல்லை. பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறார்கள். ஏன் கூடியது என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

கோவாவில் இதை நம் நாட்டு அரசு ஆராய்ச்சி நிலையமே செய்து பார்த்திருக்கிறது. அங்கே நிலம் குறைவு, பசுந்தீவனம் பற்றாக்குறை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் கோவா நிலையத்தில் பி.கே. நாயக் என்ற கால்நடை ஊட்டச்சத்து விஞ்ஞானியும் அவர் குழுவினரும் மக்காச்சோள முளைத்தீவனத்தைக் கறவை மாடுகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். செரிமானம் கொஞ்சம் மேம்பட்டது. பால் சுமார் 13 சதவீதம் கூடியது. எல்லாச் செலவும் போக ஒரு மாட்டுக்கு ஒரு நாளைக்குக் கிடைத்த கூடுதல் லாபம் 12 ரூபாய் சொச்சம். தீவனம் தயாரிக்கும் செலவில் சுமார் 90 சதவீதம் விதைக்கே போகிறது என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

இன்னொரு பக்கம், ஈரானில் ஃபசாய்லி என்பவரின் குழு 2011ல் வெளியிட்ட ஆய்வு. கன்றுகளின் வழக்கமான தீவனத்தில் ஒரு பகுதிக்குப் பதிலாக பார்லி முளைத்தீவனம் கொடுத்தார்கள். எடை குறிப்பிடும்படி கூடவில்லை. தீவனச் செலவுதான் 24 சதவீதம் ஏறியது.

ஒரே பொருள், இரண்டு விதமான முடிவு. ஏன்? மாடு ஏற்கனவே என்ன தின்கிறது என்பதில்தான் பதில் இருக்கிறது. நன்றாகத் தின்று வளரும் மாட்டுக்கு முளைத்தீவனம் புதிதாக எதையும் சேர்ப்பதில்லை. வைக்கோலை மட்டுமே மென்றுகொண்டிருக்கும் மாட்டுக்கு அதே தீவனம் அமிர்தம். இலையில் இருக்கும் பீட்டா கரோட்டின், வைட்டமின் ஈ இரண்டும் வைக்கோலில் கிடையாது. மாதக்கணக்கில் பச்சையே காணாத மாடு சினை பிடிக்காமல் தள்ளிப்போவதும், பலவீனமான கன்றைப் போடுவதும் நம் ஊர்களில் புதிதல்ல.

இன்னொரு காரணமும் உண்டு. இது பலர் கண்ணில் படுவதில்லை. ஒரு மாட்டுக்கு தினம் பத்து கிலோ முளைத்தீவனம் போடுகிறோம் என்றால், தினம் இரண்டு கிலோ மக்காச்சோளம் வாங்குகிறோம் என்று அர்த்தம். நேற்றுவரை அந்த மாட்டுக்கு யார் இரண்டு கிலோ மக்காச்சோளம் கொடுத்தார்கள்? தட்டு வைத்ததால் பால் கூடியதா, தானியம் சேர்ந்ததால் கூடியதா? அதே இரண்டு கிலோவை மில்லில் குருணையாக உடைத்து, தவிடு புண்ணாக்கோடு கலந்து வைத்திருந்தாலும் பால் கூடியிருக்கும். ஒரே நாளில் இரண்டு கிலோ வைத்துவிடக் கூடாது. கால் கிலோவில் ஆரம்பித்து, பத்துப் பதினைந்து நாளில் மெல்லக் கூட்டி, இரு வேளையாகப் பிரித்து வைக்க வேண்டும். இல்லையென்றால் வயிற்றில் புளிப்பு ஏறி மாடு தீனி எடுக்காமல் நின்றுவிடும்.

இப்போது சகோதரியின் வீட்டுக் கணக்கு.

நானூறு கிலோ எடையுள்ள, எட்டு லிட்டர் கறக்கும் ஒரு கலப்பின மாட்டுக்கு நாளைக்குச் சுமார் 12 கிலோ உலர் சத்து வேண்டும். பத்து கிலோ முளைத்தீவனம் அதில் தருவது 1.3 முதல் 1.4 கிலோ. பத்தில் ஒரு பங்கைவிடச் சற்றுக் கூடுதல், அவ்வளவே. "முளைத்தீவனம் மட்டும் போட்டே மாடு வளர்க்கலாம்" என்று யாராவது சொன்னால், அவர் மாடு வளர்த்தவராக இருக்க முடியாது. வயிறு நிரம்ப ஐம்பது கிலோவைக் கொட்டினாலும் பாதிச் சத்துதான் சேரும். சாணம் தண்ணீராய்ப் போகும். அசைபோட நார் வேண்டும், அது வைக்கோலிலும் தட்டையிலும்தான் இருக்கிறது.

மக்காச்சோளம் கிலோ 25 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். முளைத்தீவனத்தில் ஒரு கிலோ உலர் சத்துக்கு விதைச் செலவு மட்டுமே 34 ரூபாய் ஆகிறது. மின்சாரம், தண்ணீர், கெட்டுப்போகும் தட்டுகள் எல்லாம் தனி. அதே மக்காச்சோளத்தைக் குருணையாகக் கொடுத்தால் 28 ரூபாய். பக்கத்துத் தோட்டத்தில் கோ-4 புல்லைக் கிலோ இரண்டு ரூபாய்க்கு அறுத்து வாங்கினால், அதில் ஐந்தில் ஒரு பங்கு உலர் சத்து என்பதால், பத்து ரூபாய்தான் ஆகிறது. பத்து எங்கே, முப்பத்து நாலு எங்கே?

நிலம் இருந்தால் இந்தக் கேள்விக்கே இடமில்லை. கோவை வேளாண் பல்கலைக்கழகம் 2008ல் வெளியிட்ட கோ-4 கம்பு நேப்பியர், ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 375 முதல் 400 டன்வரை கொடுக்கும் என்பது பல்கலைக்கழகக் கணக்கு. நம் தண்ணீருக்கும் நம் உரத்துக்கும் அதில் பாதிதான் என்று வைத்தாலும், பத்து சென்டில் நாளைக்கு இருபது கிலோ அறுக்கலாம். பத்து சென்டுக்கு 1,350 கரணை போதும். நட்ட இரண்டரை மாதத்தில் முதல் அறுப்பு, அதன்பின் 45 நாளுக்கு ஒருமுறை. மஞ்சளாற்றுப் பாசனத்திலோ கிணற்றிலோ ஒரு மூலை ஈரம் இருப்பவர்கள், தட்டைப் பற்றி யோசிக்கும் முன் கரணையைப் பற்றி யோசியுங்கள்.

நிலமே இல்லாதவர்கள்? வீட்டு வேலியில் நாலு அகத்தி, தொழுவத்துக் கழிநீர் போகும் வழியில் கொஞ்சம் வேலிமசால். அகத்தி இலையின் உலர் சத்தில் கால் பங்கு புரதம். தட்டில் எட்டு நாள் பாடுபட்டு எடுக்கும் பச்சையைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. அறுத்துப் போட ஒரு கைப்பிடி கூட வழியில்லாத வீட்டுக்குத்தான் தட்டு.

அப்படிப்பட்ட வீடுகள் நம்மிடையே இருக்கின்றன. அவர்களுக்காக, பத்தாயிரக்கணக்கில் செலவில்லாமல் செய்யும் முறையைச் சொல்கிறோம். கோயில் திருவிழாவுக்கு முளைப்பாரி போட்டுப் பழகிய கைகளுக்கு இது புதிதல்ல. அதே பக்குவம்தான், அதே சுத்தம்தான்.

விதையில்தான் பாதி வெற்றி. உடையாத, வண்டு குத்தாத, இந்த ஆண்டு விளைந்த மக்காச்சோளம் வேண்டும். கோழித் தீவனத்துக்கென்று வரும் சரக்கில் உடைசல் அதிகம், அது முளைக்காமல் அழுகும். வாங்கும் முன் நூறு மணியை ஈரத் துணியில் கட்டி மூன்று நாள் வையுங்கள். எண்பதுக்குக் குறைவாக முளைத்தால் அந்த மூட்டை வேண்டாம்.

விதைக்கடையில் பாக்கெட்டில் விற்கும் மக்காச்சோளத்தைத் தப்பித்தவறியும் போடாதீர்கள். அதில் சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் ஏறியிருக்கும். பூஞ்சண மருந்தும், படைப்புழு வந்த 2018க்குப் பிறகு பல இடங்களில் பூச்சி மருந்தும் பூசியது அது. கழுவினால் போகாது. மண்ணில் விதைக்கத்தான், மாட்டு வாய்க்கு அல்ல.

சோளமும் வேண்டாம். மக்காச்சோளம் வேறு, சோளம் வேறு. விலை குறைவாகக் கிடைக்கிறதே என்று வெள்ளைச் சோளத்தையோ செஞ்சோளத்தையோ முளைக்க வைத்தால், முளையில் சயனைடு விஷம் உண்டாகும். இளஞ்சோளப் பயிரில் மாடு வாய் வைத்தால் என்ன ஆகும் என்று ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள். முளை அதைவிட மோசம்.

ஒரு மாட்டுக்கு ஐந்து கிலோ தீவனம் என்று ஆரம்பியுங்கள். அதற்கு தினம் ஒரு கிலோ விதை. உப்புத் தண்ணீரில் போட்டு மிதப்பதை எடுத்துவிட்டு, மூன்று முறை அலசி, ஒரு நாள் ஊறவையுங்கள். பிறகு சாக்கில் கட்டி இன்னொரு நாள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும், அடியில் ஓட்டை போட்ட தட்டில் பரப்புங்கள். இரண்டடிக்கு ஒன்றரை அடித் தட்டில் ஒன்றரை முதல் இரண்டு கிலோவுக்கு மேல் திணிக்க வேண்டாம். ஒரு கிலோவுக்குச் சின்னத் தட்டு போதும். தினம் ஒன்று போட்டு தினம் ஒன்று எடுக்க, ஆறேழு தட்டுகள் சுழற்சியில் இருக்க வேண்டும்.

தட்டு ஒரு பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கட்டும், தண்ணீர் தேங்கவே கூடாது. பச்சை நிழல்வலைக்கு அடியில், காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். பகலில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூவாளியிலோ கைத் தெளிப்பானிலோ நனைத்தால் போதும். உரம், டானிக், எதுவும் வேண்டாம். தட்டு ஏறிய ஆறாம் ஏழாம் நாள் சாண் உயரம் வளர்ந்து, அடியில் வேர் பாய் மாதிரி பின்னியிருக்கும். அதற்குமேல் விடாதீர்கள். விட்டால் நார் கூடும், பூஞ்சணமும் வரும்.

பூஞ்சணத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வைகாசி வெயிலுக்கு இதுதான் முதல் எதிரி. பச்சை எப்போது அதிகம் தேவையோ, அப்போதுதான் தட்டு அதிகமாகக் கெடுகிறது.

மூன்றாம் நாள் வெள்ளையாய்ப் பஞ்சு மாதிரித் தெரிந்தால் பதறாதீர்கள். அது வேர்த்தூவியாக இருக்கலாம். தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஒட்டிப் படிந்து மறைந்துவிட்டால் வேர்த்தூவி. நனைந்த பிறகும் மணியிலிருந்து மணிக்கு வலை பின்னியபடி நின்றால் பூஞ்சணம். பச்சை கலந்த நீலம், சாம்பல், கறுப்பு என்று பொடி தெரிந்தால் சந்தேகமே வேண்டாம். பாயின் நடுவில் விரலை நுழைத்துப் பாருங்கள். சூடாக இருந்தாலோ, வழவழப்பாகப் புளித்த வாடை வந்தாலோ உள்ளே அழுக ஆரம்பித்துவிட்டது.

"மேலே இருப்பதை மட்டும் வெட்டிப் போடலாமே" என்று தோன்றும். காசு போட்டு வளர்த்ததாயிற்றே! வேண்டாம். முழுத் தட்டையும் உரக்குழியில் கொட்டுங்கள். ஆஸ்திரேலியாவில் முளைகட்டிய தானியம் தின்ற மாடுகளுக்கு வந்த நோயை அங்குள்ள கால்நடை மருத்துவர்கள் 2004ல் பதிவு செய்திருக்கிறார்கள். அஸ்பர்ஜில்லஸ் கிளாவேட்டஸ் என்ற பூஞ்சணம் தட்டில் வளர்ந்து விஷத்தை உண்டாக்கியிருக்கிறது. மாடுகளுக்கு உடல் நடுக்கம், பின்னங்கால் தள்ளாட்டம், குளம்பு மடங்கிக் கீழே விழுதல். நடக்க வைத்தால் இன்னும் மோசம். நரம்பு பாதித்த பிறகு மருந்து இல்லை. முளைத்தீவனம் தின்னும் மாடு லேசாகத் தள்ளாடினாலே தீவனத்தை நிறுத்திவிட்டுக் கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

ஒவ்வொரு முறையும் தட்டைத் தேய்த்துக் கழுவி, ப்ளீச்சிங் பவுடர் தண்ணீரில் முக்கி, வெயிலில் காயவைத்த பிறகே அடுத்த விதை. சுத்தம் செய்ய நேரமில்லாத வீட்டில் இதை ஆரம்பிக்கவே வேண்டாம். தினம் ஒரு மணி நேரம் போகும். அந்த ஒரு மணி நேரம் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணுடையது. அதைக் கணக்கில் சேர்க்காமல் "செலவே இல்லை" என்று சொல்வதை நாம் ஏற்கலாமா?

ஆக, சகோதரிக்கு எங்கள் யோசனை இதுதான். முதலில் வேலியில் அகத்தி ஊன்றுங்கள். பக்கத்தில் புல் போட்டிருப்பவரிடம் விலை பேசுங்கள். இரண்டும் ஆகாத கோடை மூன்று மாதத்துக்கு மட்டும், ஏழு பிளாஸ்டிக் தட்டும் ஒரு நிழல்வலையும் போதும். ஆயிரக்கணக்கில் முடிந்துவிடும். சினை மாட்டுக்கும் கறவை மாட்டுக்கும் ஐந்து கிலோ, வைக்கோலோடு பிய்த்துக் கலந்து கொடுங்கள். வைக்கோலை மாடு மீதம் வைக்காமல் தின்னும், அதுவே ஒரு லாபம்.

போடுவதாக இருந்தால் ஒரு வேண்டுகோள். ஆரம்பிக்கும் முன் பத்து நாள் பால் அளவைக் குறித்து வையுங்கள். அடுத்த பதினைந்து நாள், கொடுக்க நினைத்த மக்காச்சோளத்தைக் குருணையாக மெல்லக் கூட்டிக் கொடுத்துக் குறியுங்கள். அதற்கடுத்த பதினைந்து நாள் குருணையை நிறுத்திவிட்டு, அதே அளவை முளைக்கவைத்துக் கொடுத்துக் குறியுங்கள். மற்ற தீனி எதையும் மாற்ற வேண்டாம். கறவை நாள் ஏற ஏறப் பால் தானாகவும் கொஞ்சம் குறையும், அதையும் மனதில் வையுங்கள். குருணையைவிட முளை உங்கள் மாட்டுக்கு அதிகம் கொடுத்தால் தாராளமாகத் தொடருங்கள். கொடுக்காவிட்டால் தட்டை அடுக்கி வைத்துவிட்டு மில்லுக்குப் போங்கள்.

அந்த நாற்பது நாள் குறிப்பை எங்களுக்கும் அனுப்புங்கள். விதை எத்தனை கிலோ, தீவனம் எத்தனை கிலோ, கெட்ட தட்டு எத்தனை, பால் எத்தனை லிட்டர் என்று எழுதினால் போதும். வந்த கணக்குகளை அடுத்தடுத்த இதழ்களில் அப்படியே வெளியிடுகிறோம். விற்பவர் சொல்லும் எண்ணைவிட, கறப்பவர் சொல்லும் எண்தான் அடுத்த வீட்டுக்கு உதவும்.

அன்புடன்,
ஆசிரியர்